பொருள்: ‘காலமாறா அமைப்பு’ என்பதில் மாறாதது எது?

கலைவாணி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கட்டுப்பாட்டு அமைப்புகளின் வகைப்பாடு பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டைம் இன்வேரியன்ட்’ என்பதற்குக் ‘காலமாறா அமைப்பு’ என்று எழுதி, அதை வைத்தே சென்ற வாரம் வகுப்பும் எடுத்தேன். தேர்வில் கேட்ட கணக்கு எளியது. அடியில் துளையுள்ள ஒரு தொட்டியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் நீர் விழுகிறது. நீர்மட்டம் மெல்ல ஏறி 20 செ.மீ. உயரத்தில் நிலைக்கிறது. வரத்தை 20 லிட்டராக்கினால் மட்டம் 80 செ.மீ. உயரத்தில்தான் நிலைக்கிறது, ஏனெனில் துளைவழி வெளியேற்றம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இது எவ்வகை அமைப்பு என்பதே கேள்வி.

வரத்து இரு மடங்கானபோது மட்டம் நான்கு மடங்கானதால் இது நேரியல் அன்று என்பதைப் பெரும்பாலோர் சரியாக எழுதிவிட்டார்கள். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் ‘நீர்மட்டம் நேரத்தோடு ஏறுவதால் இது காலமாறா அமைப்பும் அன்று’ என்று முடித்திருக்கிறார்கள். காலிப் பாத்திரமாக 9 மணிக்குத் தொடங்கினாலும் 11 மணிக்குத் தொடங்கினாலும் மட்டம் ஏறும் வளைவு ஒன்றேதான், இரண்டு மணி நேரம் தள்ளி வரும், அவ்வளவே. மாறாதது மட்டம் அன்று, தொட்டியின் நடத்தை. பிழை மாணவருடையதா, சொல்லினுடையதா? மாற்றுச் சொல் உண்டா?

இளம்பரிதி எழுதியது:

பிழை சொல்லினுடையதுதான் அம்மா. ‘மாறா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘காலமாறா’ என்று ஒட்டி எழுதும்போது காலம் எழுவாயாக நின்று, ‘காலம் மாறாத அமைப்பு’ என்றே முதலில் பொருள்படுகிறது. காலத்தால் மாறாதது என்று கொள்ள வேண்டுமானால் வேற்றுமை உருபு தொக்கிருப்பதாக வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். தேர்வு எழுதும் மாணவருக்கு அதற்கு ஏது நேரம்?

‘காலங்கரந்த அமைப்பு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்கிறது நன்னூல். ஊறுகாய் நேற்று ஊறியதா, இன்று ஊறுகிறதா, நாளை ஊறுமா என்று சொல் காட்டுவதில்லை. அதுபோலத் தொட்டியும் எந்நாள் என்று கேட்பதில்லை.

மேலும், ‘நேரமாறா’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நேர் என்பதிலிருந்தே நேர்மை, நேர்தல், நேரம், நேரசை ஆகிய அனைத்தும் கிளைத்தன என்பது என் துணிபு. அப்படியானால் ‘நேரியல் நேரமாறா அமைப்பு’ என்பதில் ஒரே வேர் இரு வேறு பொருளில் மோதுகிறது. நேரியல் அல்லாததைச் சிலர் ‘நேரிலி’ என்கிறார்கள். அது நேரம் இல்லாதவன் என்று ஒலிக்கிறது. நேர்கோடாக வரைபடம் வருவதால் நேரியல் என்ற பெயர் மட்டும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

சேகர் எழுதியது:

நான் இலக்கணம் அறியேன், அடுப்புகளின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துபவன். தொடர் அமைப்பா, பிரிநிலை அமைப்பா என்பதுதானே கேள்வி? எங்கள் கருவி 2 வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலையைப் படிக்கிறது. படித்து முடித்த மறுகணம் நான் குமிழைத் திருப்பினால் அது ஏறக்குறைய 2 வினாடி சும்மா இருக்கும். படிக்கப்போகும் கணத்துக்குச் சற்று முன் திருப்பினால் உடனே எதிர்வினை காட்டும். எப்போது திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறதே! ஆகவே கணினிவழி இயங்கும் எதுவும் காலமாறா அமைப்பு ஆகாது என்பது என் அனுபவம். அந்தப் பெயரே வேண்டாம் என்பேன்.

ராகவன் எழுதியது:

சேகர் வேறு கேள்விக்குப் பதில் சொன்னாலும், தேவையான இடத்தைத் தொட்டுவிட்டார். அவர் சொன்னது பாதி உண்மை. குமிழைத் திருப்பும் கணத்தை 1 வினாடி தள்ளினால் விளைவு வேறுபடலாம், ஆனால் சரியாக 2, 4 அல்லது 6 வினாடி தள்ளினால், மற்றவை ஒத்திருக்கும்வரை, விளைவும் அதே அளவு தள்ளி அப்படியே வரும். படிக்கும் கணங்களை மட்டும் முதற்படி, இரண்டாம்படி என்று எண்ணிக்கொண்டு நின்றால் அவருடைய கருவியும் மாறா அமைப்பே. பிரிநிலை அமைப்பில் தள்ளிவைப்பதும் படிக்கணக்கில்தான். எனவே சோதனையின் உயிர் ‘காலம்’ என்பதிலோ ‘மாறா’ என்பதிலோ இல்லை, ‘தள்ளிவைத்தல்’ என்பதில் இருக்கிறது. ‘காலப்பெயர்ச்சி மாறா அமைப்பு’ என்று நான் சொல்வேன். இருந்தாலும், பெயர்ச்சி என்றவுடன் நம் மக்களுக்குக் குருவும் சனியும் நினைவுக்கு வருவதை மறுக்க இயலாது.

இளம்பரிதியின் ‘கரந்த’ அழகுதான், ஆனால் பொருந்தாது. வினைத்தொகையில் முக்காலமும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. மாறா அமைப்பின் விதியிலோ காலம் ஒளிந்திருக்கவும் இல்லை. அதே தொட்டியின் துளையில் நாளுக்கு நாள் உப்பு படிந்து வழி குறுகினால், 10 லிட்டருக்கு இன்று 20 செ.மீ., அடுத்த மாதம் 25 செ.மீ. என்று வரும். காலம் விதிக்குள் நுழைந்து ஒளிந்துகொள்வது அங்கேதான். கரந்த என்ற பெயர் அந்தத் தொட்டிக்கே பொருந்தும்!

நேர்கோடு பற்றியும் ஒரு திருத்தம். உள்ளீட்டை இரட்டித்து 3 கூட்டித் தரும் ஒரு கருவியின் வரைபடம் நேர்கோடுதான். ஆனால் 1 கொடுத்தால் 5, 2 கொடுத்தால் 7. உள்ளீடு இரு மடங்கானபோது வெளியீடு 10 ஆகவில்லை, ஆகவே அது நேரியல் அன்று. நேரியல் என்பதை நேர்கோட்டோடு கட்டாமல் நேர்விகிதத்தோடு கட்டிச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். அதுவும் முழுச் சோதனை அன்று. இரண்டு உள்ளீடுகளில் பெரியதை மட்டும் தரும் கருவியில் இரண்டையும் இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும். ஆனால் 2, 0 என்று கொடுத்தால் கிடைப்பது 2. அடுத்து 0, 3 என்று கொடுத்தால் கிடைப்பது 3. இவற்றைக் கூட்டி 2, 3 என்று கொடுத்தாலும் கிடைப்பது 3தான், 5 அன்று. விளைவுகளும் கூட வேண்டும்.

இளம்பரிதி எழுதியது:

நேர்விகிதத்தை ஏற்கிறேன். நேர் என்ற வேர் அதற்கும் இடம் கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ‘பெயர்ச்சி’ எனக்கு உடன்பாடில்லை. உருபை விரித்து ‘காலத்தால் மாறா’ என்பது போதும் என்று சொல்ல வந்தேன், ஆனால் ‘ஆல்’ கருவிப் பொருளைத் தருவதால், மாற்றுவது காலம் என்றாகிவிடுகிறது. துளையை அடைத்தது உப்பேயன்றிக் காலம் அன்று.

சேகர் எழுதியது:

ஐயா, இந்தக் கணக்கில் ‘வயதால் தளர்ந்தான்’ என்றும் எழுத முடியாது. மாணவர் வாசித்தவுடன் புரிந்தால் போதாதா? 2 வினாடி விளக்கத்துக்கு நன்றி. நாளை குமிழைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறேன்.

கலைவாணி எழுதியது:

நன்றி. தனி மடலில் கருத்துச் சொன்ன மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ‘காலத்தால் மாறா அமைப்பு’ என்பதற்கே கூடுதல் ஆதரவு. அதையே போடுகிறேன். ராகவன் ஐயாவின் தள்ளிவைத்தல் சோதனையை, 9 மணி வளைவையும் 11 மணி வளைவையும் அருகருகே வரைந்து அதன் கீழ் தருகிறேன். உப்பு படிந்த தொட்டி பயிற்சிக் கணக்காகும்.

இளம்பரிதி எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு அமைகிறேன். ஒன்று மட்டும் கேட்கட்டுமா? உள்ளீடும் வெளியீடும் பலவாக உள்ளதைப் ‘பன்மாறி அமைப்பு’ என்று அதே இயலில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேரும் பத்தியின் தலைப்பு ‘காலத்தால் மாறாப் பன்மாறி அமைப்பு’ என்று வரும். மாறாததா, பலவாறு மாறுவதா என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கலைவாணி எழுதியது:

அந்தத் தலைப்பை இப்போதுதான் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.