ரெஃபரல் லெட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மதிவாணன் எழுதியது:

குடும்ப மருத்துவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அதிகாரம் முழுக்க, நோயாளியை நிபுணரிடம் அனுப்பும்போது எழுதித் தரும் ரெஃபரல் லெட்டர் பற்றியது. "பரிந்துரைக் கடிதம்" என்று போட்டேன். படித்த நண்பர், "யாருக்கு வேலை கேட்டு?" என்றார். மருந்து எழுதித் தருவதையும் பரிந்துரை என்றுதான் சொல்கிறோம். ஒரே பத்தியில் மருந்தையும் பரிந்துரைத்து, ஆளையும் பரிந்துரைத்துக் குழம்பிக் கிடக்கிறேன். வேறு சொல் உண்டா?

இளங்கோ எழுதியது:

"ஆற்றுப்படுத்து மடல்" என்றே வைக்கலாமே. ஆற்றுப்படைப் பாடல்களில் பரிசு பெற்று வரும் பாணன், எதிரே வருகிற பாணனுக்கு வள்ளலைப் பற்றியும் போகும் வழியைப் பற்றியும் சொல்லி அனுப்புகிறான். மருத்துவர் செய்வதும் அதுதானே?

அன்புச்செல்வி எழுதியது:

அழகான சொல்தான். ஆனால் ஆற்றுப்படையில் பேச்சு பாணனை நோக்கியது, வள்ளலை நோக்கியது அல்ல. மருத்துவர்கள் நாங்கள் எழுதும் கடிதம் நிபுணரிடம் பேசுகிறது; நோயாளி அதைக் கையில் கொண்டுபோகிறார், அவ்வளவுதான். போதாததற்கு ஆற்றுப்படுத்தல் என்பதைக் கவுன்சலிங்குக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சொல் தேடும் முன் அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். "இரத்தசோகை, பார்த்து ஆவன செய்யவும்" என்று ஒரே வரியில் வரும் கடிதங்கள் நிறைய. நான் எழுதினால் இப்படி இருக்கும் (ஆள் கற்பனை):

"58 வயது ஆண். இரண்டு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, எடை 4 கிலோ குறைந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8.6, ஃபெரிட்டின் 7. மலத்தில் இரத்தம் போகவில்லை என்கிறார். வயிற்றில் கட்டி தட்டுப்படவில்லை. ஆசனவாய்ப் பரிசோதனையில் குறையில்லை. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. பத்து நாளாக இரும்பு மாத்திரை. இரைப்பையிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா? எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டும் செய்யலாமா? ஆஸ்பிரினை நிறுத்தவில்லை, உங்கள் முடிவுக்கு விடுகிறேன். இந்த வயதில் இரும்புச்சத்துக் குறைவோடு எடையும் இறங்கியிருப்பதால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பார்க்கவும்."

இரும்பு மாத்திரை வரியைச் சிலர் விட்டுவிடுவார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுக்கும். இது தெரியாத நிபுணர், நோயாளி "கறுப்பாகப் போகிறது" என்று சொன்னதும் மேல்குடலில் இரத்தக் கசிவு என்று நினைக்க இடமுண்டு. கொலனோஸ்கோபிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தவும் வேண்டும். இல்லையென்றால் குடல் சரியாகச் சுத்தமாகாமல் கறுப்பு ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். "இரத்தம் போகவில்லை" என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால், கேட்டோமா கேட்கவில்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கமலா எழுதியது:

ஆஸ்பத்திரி மாறும்போது கொடுப்பார்களே, அதைத்தானே சொல்கிறீர்கள்? நாங்கள் "மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்" என்போம். அப்பாவுக்குக் கொடுத்த கடிதத்தில் "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் அப்படியே ஒரு கடிதம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

அன்புச்செல்வி எழுதியது:

ஆஸ்பத்திரி மாற்றும்போது தருவது வேறு கமலா. அங்கே பொறுப்பு கைமாறிவிடும். இங்கே பெரும்பாலும் கருத்துதான் கேட்கிறேன், நோயாளி என்னிடமே திரும்பி வருவார். "மேல்" என்றால் நான் கீழே என்று ஆகிவிடும், அதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

"அவசரம்" என்று மட்டும் எழுதினால், அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும். எத்தனை நாளுக்குள், ஏன் என்று இரண்டையும் எழுதினால்தான் வரிசை போடுகிறவர் பிரித்துப் பார்க்க முடியும். மேலே சொன்ன மனிதருக்கே நாளைக்குத் தலைசுற்றி மயக்கம் வந்து, மலம் தார் மாதிரி போனால், இரண்டு வாரக் கணக்கெல்லாம் செல்லாது. அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அப்போதே அனுப்ப வேண்டும்.

மதிவாணன் எழுதியது:

அப்படியென்றால் கேள்விதான் அதன் உயிர். "வினாமடல்"?

இளங்கோ எழுதியது:

தேர்வுத்தாள் மாதிரி இருக்கிறது. "கருத்துக்கேட்பு மடல்" தேவலாம்.

அன்புச்செல்வி எழுதியது:

கருத்து மட்டுமா கேட்கிறேன்? எண்டோஸ்கோபி செய்யச் சொல்லியும் கேட்கிறேனே. "நிபுணருக்கு அனுப்பினேன்" என்றுதான் தினமும் சொல்கிறோம். "அனுப்புமடல்" போதாதா?

மதிவாணன் எழுதியது:

தலைப்பில் இப்போதைக்கு "அனுப்புமடல்" என்று போட்டுக்கொள்கிறேன். படிவத்தில் "கேட்கும் கேள்வி" என்று தனிக் கட்டம் ஒன்றும் வைக்கிறேன்.

இளங்கோ எழுதியது:

எந்தக் கடிதமும் அனுப்புகிற மடல்தானே? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

கமலா எழுதியது:

நிபுணர் திருப்பி எழுதுவதற்கு என்ன பெயர்?

அன்புச்செல்வி எழுதியது:

"மறுமடல்" என்று வைக்கலாம். பெயர் வைத்தபிறகாவது ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிறேன்.