குறுவை நெல்லுக்கு 17-17-17 வாங்குவதா, டிஏபி வாங்குவதா?

வரப்போரம்: 17-17-17 மூட்டை 1,500 ரூபாய், அதில் மொத்தச் சத்து 51 சதவீதம். டிஏபி 1,350 ரூபாய், 64 சதவீதம். யூரியா 266.50 ரூபாய்க்கு 46 சதவீதம். பொட்டாஷ் 1,700 ரூபாய். சதவீதத்தைக் கூட்டி விலையை வகுத்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும் அல்லவா?

உரக்கணக்கு: கூட்டக் கூடாது, ஐயா. தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்துகளின் விலையும் ஒன்றல்ல. முதலில் யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் அதன் மூட்டை 45 கிலோதான். அதில் தழைச்சத்து 20.7 கிலோ இருப்பதால், கிலோவுக்கு ஏறத்தாழ 12.90 ரூபாய் ஆகிறது. 50 கிலோ டிஏபியில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. அந்த 9 கிலோவுக்கு யூரியாவின் விலையையே வைத்து 116 ரூபாயைக் கழித்தால், மீதி 1,234 ரூபாய் மணிச்சத்துக்குரியது, கிலோ 53.70 ரூபாய். பொட்டாஷில் சாம்பல்சத்து 60 சதவீதம் என்பதால் மூட்டைக்கு 30 கிலோ, கிலோ 56.70 ரூபாய். இந்த விலைகளை 17-17-17 மூட்டையில் ஒவ்வொன்றிலும் உள்ள எட்டரை கிலோவுக்குப் போட்டுப் பார்த்தால், அதன் சத்து மதிப்பு 1,047 ரூபாய்தான் வருகிறது. நீங்கள் 1,500 கொடுக்கிறீர்கள்.

மண்வாசனை: அடிப்படையிலேயே பிழை இருக்கிறது. டிஏபி மூட்டையில் மணிச்சத்து 46 என்று எழுதியிருப்பது P2O5 என்ற ஆக்சைடின் அளவு. அதில் உண்மையான பாஸ்பரஸ் 20 சதவீதம்தான். ஆகவே நீங்கள் சொல்லும் 23 கிலோவும் 10 கிலோதான், விலையும் இரு மடங்குக்கு மேல்.

உரக்கணக்கு: 0.436 ஆல் பெருக்கினால் அந்த 20 வரும் என்பது சரிதான். ஆனால் நம் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் P2O5, K2O அளவில்தான் தரப்படுகிறது. டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு எக்டேருக்கு 150:50:50 கிலோ, ஏக்கருக்கு 60:20:20 கிலோ. மூட்டையை மட்டும் பாஸ்பரஸாக மாற்றிவிட்டுப் பரிந்துரையை அப்படியே விட்டுவிட்டால், 43.5 கிலோ டிஏபி போதுமான ஏக்கருக்கு இரண்டு முழு மூட்டைகளை இறக்கிவிடுவீர்கள். தனிமமாகவே அளவு எழுதும் ஆஸ்திரேலியக் கையேடுகளைப் படிப்பவர்களுக்குத்தான் அந்தப் பெருக்கல் தேவை.

தென்னந்தோப்பு: என் மரங்களுக்கு ஆண்டுக்கு 2 கிலோ 17-17-17 வைக்கிறேன், காய் சிறுத்தபடியேதான் இருக்கிறது. அதற்கும் இதே கணக்கா?

உரக்கணக்கு: உங்களுக்கு விலையைவிட விகிதமே பிரச்சினை. தென்னைக்குச் சாம்பல்சத்து மட்டும் மரத்துக்கு 1,200 கிராம் பரிந்துரை. நீங்கள் கொடுப்பது 340 கிராம். அதை 17-17-17 கொண்டே நிரப்பப் போனால் 7 கிலோ வேண்டும், மணிச்சத்து தேவையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். பொட்டாஷைத் தனியாக வையுங்கள். காய் சிறுப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மண்ணையும் பரிசோதியுங்கள்.

களத்துமேடு: காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நடவு நேரத்தில் டிஏபி கிடைக்கிறதா? போன பருவத்தில் எங்கள் ஊர்க் கடையில் வேறொரு பொருளையும் வாங்கினால்தான் தருவோம் என்று 400 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். அதையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். மூன்று உரங்களைக் கலந்து தெளிக்க ஆள் கூலியும் உண்டு.

உரக்கணக்கு: அந்த 400 உரத்தின் விலையோடு சேர வேண்டியதுதான், சேர்த்தால் மணிச்சத்து கிலோவுக்கு 71 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்த விலையில் 17-17-17 மூட்டையின் மதிப்பும் 1,195 ஆக உயர்கிறது. இடைவெளி குறைகிறதே தவிர மறையவில்லை. என் மனக்குறை வேறு. மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகப் போட வேண்டும், தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் பிரித்துப் போட வேண்டும். ஒரே குருணையில் மூன்றும் இருக்கும்போது, பிரித்தால் மணிச்சத்து பிந்துகிறது, பிரிக்காவிட்டால் பொட்டாஷ் முழுவதும் நடவிலேயே போய்விடுகிறது.

வரப்போரம்: என் ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தேன். டிஏபி 43.5 கிலோ, யூரியா இரண்டரை மூட்டை, பொட்டாஷ் 33 கிலோ: ஏறத்தாழ 2,970 ரூபாய். 17-17-17 என்றால் 118 கிலோவும் யூரியா 87 கிலோவும். 4,050 ரூபாயைத் தொடுகிறது. யூரியா மூட்டையை நான் இதுவரை 50 கிலோவாகவே வைத்துக் கணக்கிட்டு வந்திருக்கிறேன்.

களத்துமேடு: எங்கள் கடையில் 20-20-0-13 தான் எப்போதும் இருக்கிறது. அதில் கந்தகம் மூட்டைக்கு ஆறரை கிலோ. அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

உரக்கணக்கு: மண்ணில் கந்தகம் குறைந்திருந்தால் அதற்கு விலை உண்டு, போதுமான அளவு இருந்தால் பூச்சியம். உங்கள் மண் அறிக்கையில் அந்த வரி நிரப்பப்பட்டிருக்கிறதா?

களத்துமேடு: அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.