மீல் கார்டு எடுத்தவர்கள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2024-25 நிதியாண்டுக்கு எங்கள் ஆபீஸில், ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து மாதம் 2,200 ரூபாயைக் குறைத்து அதை மீல் கார்டில் போடலாம் என்கிறார்கள். கணக்கு இதுதான்: ஒரு வேளைக்கு 50 ரூபாய், நாளுக்கு இரண்டு வேளை, மாதம் 22 நாள். ஆண்டுக்கு 26,400. பழைய வரி முறையில் 20% வரம்பில் இருக்கிறேன், செஸ் சேர்த்தால் சுமார் 5,490 ரூபாய் மிச்சம். மாதாமாதம் எப்படியும் ஓட்டலில் சாப்பிடுகிற காசுதானே, சரி என்று தோன்றியது.

ஆனால் எச்ஆர் அனுப்பிய ஷீட்டில் புதிய முறைக்கும் இதே சேமிப்பைக் காட்டியிருக்கிறார்கள். புதிய முறையில் வவுச்சருக்கு இந்த விலக்கு கிடையாதே! பழைய 1,600 ரூபாய் போக்குவரத்துப் படி விலக்கையும் சேர்த்திருக்கிறார்கள். அது 2018லேயே போய்விட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 3,200 உண்டு. இந்த ஷீட்டை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது?

என் கேள்வி: இப்போது பழைய முறை என்று சொல்லி கார்டு வாங்கிவிட்டு, ரிட்டர்ன் போடும்போது புதிய முறைக்கு மாறினால், ஃபார்ம் 16ல் வராத அந்த 26,400ஐ நாமே சம்பளத்தில் சேர்த்துக் காட்ட வேண்டுமா? எந்தக் கட்டத்தில்? அப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஏப்ரல் சம்பளத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.