பீட்டா டிரான்ஸஸ்: தமிழில் என்ன சொல்வது?

நொய்யல் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கோவைக்கு வெளியே ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் தர ஆய்வு பார்க்கிறேன். உலையில் நிற்பவர்களுக்காகத் தமிழில் ஒரு குறிப்பட்டை எழுதத் தொடங்கி, ஒரே சொல்லில் ஒரு வாரமாக நிற்கிறேன். டைட்டானியத்தின் 'பீட்டா டிரான்ஸஸ்' வெப்பநிலைக்குத் தமிழில் என்ன எழுதுவது? 'உருமாற்ற வெப்பநிலை' என்று முதலில் எழுதினேன். அதைப் படித்த உலைக்காரர், "அப்படியென்றால் 882 டிகிரிதானே சார், படித்திருக்கிறேன்" என்றார். அவர் படித்தது சரி. ஆனால் அந்த எண்ணை நம்பினால் எங்கள் வேலை கெட்டுவிடும்.

ஏன் இவ்வளவு கவலை என்றால், சென்ற மாதம் ஒரு லாட் முழுவதும் கழிவாகப் போனது. ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கலந்த வழக்கமான உருண்டைக் கம்பிதான். உலை எப்போதும் போல 960-இல் இருந்தது. அடித்த துண்டுகளை இழுத்துப் பார்த்தால் நீட்சி 7 விழுக்காடுதான் வருகிறது. குறைந்தது 10 வேண்டும். அமிலத்தில் அரித்துப் பார்த்தபோது, கம்பு தானியம் அளவுக்குப் படிக மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. ஒரே செய்முறை, ஒரே உலை, ஒரே ஆட்கள். இதைத் தடுக்கும் அட்டையைத்தான் எழுத வேண்டும். சொல் சரியாக இருக்க வேண்டும்.

காங்கேயன் எழுதியது:

தம்பி, நாற்பது வருடமாக எஃகு வார்ப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் இருக்கிறேன். இரும்பும் சூட்டில் படிக அமைப்பை மாற்றும், டைட்டானியமும் மாற்றும். பாடநூலில் வைரத்துக்கும் கிராஃபைட்டுக்கும் 'புறவேற்றுமை வடிவம்' என்ற சொல் இருக்கிறது. 'புறவேற்றுமை வெப்பநிலை' என்று போட்டு முடித்துவிடுங்கள்.

கழிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மணி பெருத்த எஃகை நாங்கள் நார்மலைஸ் செய்வோம். மறுபடியும் சூடேற்றி, உருமாற்றத்தைத் தாண்ட வைத்து, காற்றில் ஆறவிட்டால் மணி பொடிந்துவிடும். உங்கள் உலோகமும் உருமாறுகிறதே, அதையும் அப்படியே செய்து பாருங்கள்.

பவானி எழுதியது:

காங்கேயன் ஐயா சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் செய்தால் துண்டுகள் இன்னும் மோசமாகும். கல்லூரியில் உலோகவியல் நடத்திய நாட்களில் எஃகிலிருந்து வரும் மாணவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் இடறினார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஃகு சூட்டில் உருமாறும்போது பழைய மணிகளின் ஓரங்களில் புது மணிகள் ஏராளமாக முளைக்கின்றன. அவை பழைய மணிகளைத் தின்று பொடிசாக நிரம்புகின்றன. டைட்டானியத்தில் நடப்பது வேறு. அதில் குறைந்த சூட்டில் நிலைக்கும் படிக அமைப்பு ஆல்பா, அதிகச் சூட்டில் நிலைப்பது பீட்டா. பீட்டாவிலிருந்து ஆறும்போது ஆல்பா, பீட்டா படிகத்தின் குறிப்பிட்ட தளங்களை ஒட்டியே ஏடு ஏடாக வளர்கிறது. திரும்பச் சூடேற்றினால் அந்த ஏடுகள் வந்த வழியே பழைய பீட்டாவுக்குள் கரைந்துவிடுகின்றன. இரண்டு அமைப்புக்கும் கன அளவில் வேறுபாடும் மிகக் குறைவு, அதனால் உள்ளே நெருக்கடி எழுந்து புது மணி முளைக்க இடமே இல்லை. எத்தனை முறை சூடேற்றி ஆற்றினாலும் பழைய பெரிய மணியின் வேலி அப்படியே இருக்கும். மேலே போகும்போதெல்லாம் இன்னும் பெருக்கும். அதை உடைக்க வழக்கமான வழி, பீட்டா டிரான்ஸஸ் எல்லைக்குக் கீழே நன்றாக அடித்து வடிவை மாற்றி, பிறகு சூட்டில் வைப்பதுதான். அப்போதுதான் ஏடுகள் முறிந்து உருண்டையாகும். உங்கள் துண்டுகள் ஏற்கெனவே இறுதி வடிவத்தில் இருக்கின்றன. இனி அடிக்க இடமில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 882 என்பது தூய டைட்டானியத்துக்கு. அங்கே ஒரே புள்ளியில் ஆல்பா முழுதும் பீட்டாவாகிறது. கலவையில் அது ஒரு புள்ளி அல்ல, நீண்ட பாதை. உங்கள் கம்பி அறை வெப்பநிலையிலேயே கொஞ்சம் பீட்டாவை வைத்திருக்கிறது. சூடேற ஏற ஆல்பா சுருங்கிக்கொண்டே போகும், பீட்டா கூடிக்கொண்டே வரும். கடைசி ஆல்பா கரையும் இடம்தான் நீங்கள் கேட்கும் வெப்பநிலை. 'உருமாற்ற வெப்பநிலை' என்றால் பாதையின் எந்த இடம் என்று தெரியாது. 'புறவேற்றுமை' என்றாலும் அதே குறைதான்.

நொய்யல், கெட்ட லாட், அதற்கு முன் வந்த நல்ல லாட், இரண்டின் சோதனைச் சான்றிலும் அலுமினியமும் ஆக்சிஜனும் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அமராவதி எழுதியது:

நான் கரூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு டைட்டானியக் குழாயும் தொட்டியும் வெல்டிங் செய்து கொடுக்கிறேன். இரண்டாம் தரம், கலவை எதுவும் சேர்க்காதது. ஆல்பா கலவை என்கிறார்களே, அதுதானே மேலே வந்து கெடுக்கிறது? போன வாரம் ஒரு தொட்டியின் விளிம்பைத் திறந்த காற்றில் செம்மண் நிறம் வரும்வரை சூடேற்றி வளைத்தார்கள். பிறகு கடையும்போது கருவியின் முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'ஆல்பா கேஸ்' என்று சொன்னார்கள். ஆல்பா என்றாலே கெடுதல் என்றால், அதை முடிக்கும் வெப்பநிலைக்கு நல்ல பெயராக வையுங்கள்.

பவானி எழுதியது:

> ஆல்பா என்றாலே கெடுதல் என்றால்

இல்லை அம்மா. உங்கள் தொட்டி முழுவதுமே ஆல்பாதான், அது நல்ல பொருள். நீங்கள் பார்த்தது மேல்தோல் மட்டும். சூட்டில் டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் ஆல்பாவின் பக்கம் நிற்கும் பொருள். அதனால் அளவுக்கு மீறி ஆக்சிஜன் ஏறிய, கண்ணாடி போல நொறுங்கும் ஓர் ஓடு மேலே உண்டாகிறது. கருவி உதிர்ந்தது அதில் பட்டுத்தான். அந்த ஓட்டை அமிலத்தில் கரைத்தோ உராய்ந்தோ முழுதும் எடுத்துவிட்டு, பிறகு கடையுங்கள். 'ஆல்பா ஓடு' என்று நாம் எழுதலாம்.

நொய்யலின் கேள்விக்கும் இதே ஆக்சிஜன்தான் சாவி என்று நினைக்கிறேன்.

நொய்யல் எழுதியது:

அம்மா, பார்த்தேன். பழைய லாட்டில் அலுமினியம் 6.4, ஆக்சிஜன் 0.19. ஆலை எழுதியிருந்த டிரான்ஸஸ் 1004. புதிய லாட்டில் அலுமினியம் 5.8, ஆக்சிஜன் 0.11. டிரான்ஸஸ் 978. வனேடியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் விதிமுறைக்குள்தான் இருக்கின்றன, அதனால் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

என்னைக் குழப்பியது இதுதான். ஆக்சிஜன் குறைந்தால் உலோகம் மிருதுவாகி நீட்சி கூட வேண்டும். இங்கே குறைந்திருக்கிறது.

பவானி எழுதியது:

அந்தக் குழப்பமே நல்ல துப்பு. வேதியியல் மட்டும் பேசியிருந்தால் நீட்சி கூடியிருக்கும். குறைந்திருப்பதால் உள்ளமைப்பு மாறிவிட்டது என்று பொருள்.

அலுமினியமும் ஆக்சிஜனும் ஆல்பாவுக்குத் துணை நிற்பவை. அவை கூடினால் ஆல்பா அதிகச் சூடு வரை தாக்குப்பிடிக்கும், எல்லை மேலே போகும். அலுமினியம் ஒரு விழுக்காடு கூடினால் தோராயமாக 20 டிகிரி. ஆக்சிஜன் அதைவிடத் தீவிரம், பத்தில் ஒரு விழுக்காட்டுக்கே 10 முதல் 20 டிகிரி வரை நகர்த்தும். வனேடியம், மாலிப்டினம், இரும்பு எதிர்ப்பக்கம், எல்லையைக் கீழே இழுப்பவை. உங்கள் புதிய லாட்டில் அலுமினியம் குறைந்ததில் 12 டிகிரியும் ஆக்சிஜன் குறைந்ததில் ஏறக்குறைய அதே அளவும் எல்லை இறங்கியிருக்க வேண்டும். சான்றில் உள்ள 26 அதற்குப் பொருந்துகிறது.

முன்பு உலைக்கும் எல்லைக்கும் இடையே 44 டிகிரி இருந்தது. இப்போது 18. உலையின் ஏதாவது ஒரு மூலை காட்டியைவிடக் கூடுதலாக ஏறுகிறதா? ஹேமரில் இடைவிடாமல் அடித்தார்களா? டைட்டானியம் சூட்டைக் கடத்துவதில் மிக மந்தம். அடியின் வெப்பம் நடுவில் தங்கிவிடும். வெளித்தோல் ஆறியிருக்கும்போதே உள்மையம் எல்லையைத் தாண்டியிருக்கும்.

நொய்யல் எழுதியது:

பின்சுவர் இடது மூலை 20 டிகிரிக்கு மேல் கூடுதலாக ஓடுவது எங்களுக்கே தெரியும், 44 டிகிரி இடைவெளியில் அது பொருட்டாக இருந்ததில்லை. கெட்ட துண்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தவை. மற்றவை கடைசியில் அவசரமாக அடித்தவை, அவற்றில் நடுப்பகுதி மட்டும் கெட்டிருக்கிறது. நுண்ணோக்கியில் உருண்டை ஆல்பா ஒன்றுகூட இல்லை. பாய் முடைந்ததுபோல ஏடுகள்தான்.

அப்படியானால் 'ஆல்பா மறைவு வெப்பநிலை' என்று எழுதலாமா? 'பீட்டா நிறைவு' என்றால் ஏதோ நல்லது நிறைவேறியது போல் ஒலிக்கிறது.

காங்கேயன் எழுதியது:

நார்மலைஸ் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்கிறேன். எஃகில் கண்டதை அப்படியே நீட்டிவிட்டேன். ஆனால் 'மறைவு' இழவுச் செய்தியில் வரும் சொல். பட்டறைச் சுவரில் அதை ஒட்ட எனக்கு மனமில்லை. 'ஆல்பா கரைவு எல்லை' என்று எழுதுங்கள். கடைசி ஆல்பா கரைகிறது என்று அம்மாவே சொன்னார்கள்.

பவானி எழுதியது:

'கரைவு எல்லை' எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம் அறிவியலிலேயே இருக்கிறது. அந்த ஆல்பா உருண்டைகள்தான் பீட்டா மணிகளை வளரவிடாமல் ஆங்காங்கே ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைசி உருண்டை கரைந்ததும் மணிகள் நிமிடங்களில் பெருக்கின்றன. ஆக, ஆபத்து பீட்டா வருவதால் அல்ல, ஆல்பா தீர்வதால். அளப்பதும் அப்படித்தான்: சிறு துண்டுகளை ஐந்தைந்து டிகிரி கூட்டிச் சூடேற்றி, நீரில் குளிரவைத்து, எந்தத் துண்டில் கடைசி உருண்டை காணாமல் போகிறது என்று பார்ப்பார்கள்.

ஆனால் எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது. மேலிருந்து ஆறும்போது அதே எல்லையில்தான் ஆல்பா முளைக்கத் தொடங்குகிறது. அங்கே 'கரைவு' பொருந்தாது. மேலும், விரிசல் பரவுவதைத் தடுக்க வேண்டிய சில விமானப் பாகங்களை வேண்டுமென்றே இந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய் ஏட்டமைப்பைப் பெறுகிறார்கள். பத்து விழுக்காடு வனேடியம் கலந்த பீட்டா கலவைகளில் எல்லையே 800 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும், அவற்றின் முதல் கட்ட அடியே அதற்கு மேலேதான். எல்லோருக்கும் பொதுவான சொல் வேண்டுமென்றால் 'பீட்டா எல்லை' நடுநிலையானது. உங்கள் அட்டைக்கு 'ஆல்பா கரைவு எல்லை' போதும். இரண்டில் ஒன்றை அகராதிக்குத் தேர்வது இன்று முடியாது என்று நினைக்கிறேன்.

நொய்யல் எழுதியது:

அட்டையில் எண்ணை அச்சிடப் போவதில்லை. 'இந்த லாட்டின் ஆல்பா கரைவு எல்லை' என்று ஒரு வெற்றுக் கட்டம், அதன் கீழே 'உலை' என்று இன்னொரு கட்டம். சான்றைப் பார்த்து முதல் கட்டத்தை நிரப்பிய பிறகு, அதிலிருந்து 40 கழித்து இரண்டாவதை நிரப்ப வேண்டும். இடது மூலையில் வேலைத்துண்டு வைக்கக் கூடாது என்று தனி வரி.

அமராவதி எழுதியது:

என் குழாய்க்கும் அப்படியொரு எல்லை இருக்கிறதா? 882 என்று குறித்துக்கொள்ளட்டுமா?

பவானி எழுதியது:

இருக்கிறது, ஆனால் 882 அல்ல. இரண்டாம் தரத்தில் இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனே அதை 910-ஐ ஒட்டி ஏற்றிவிடுகிறது. ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த எல்லையை அல்ல. காற்றில் சூடேற்றினால், அதற்கு வெகு கீழேயே ஓடு உண்டாகிவிடும்.