கார்ட் மெசினில் ரிஃபண்ட் போயிருக்கு, பில்லிங்கில் ஒன்றும் இல்லை. ஆளை எப்படிப் பிடிப்பது?

மத்தியவீதி உடுப்புக்கடை:
வணக்கம். திருமலை மத்திய வீதியில உடுப்புக்கடை வச்சிருக்கிறன். ரெண்டு கவுண்டர், மூண்டு பேர் மாறி மாறி நிப்பினம். பில் கணினியில போடுறது. கார்ட் மெசின் வங்கி தந்தது. ரெண்டுக்கும் தொடர்பில்லை, தொகையைக் கையால அடிக்கிறம்.

போன மாதம் ஒரு நாள் பில்லிங்கில கார்ட் விற்பனை 86,400 ரூபா. வங்கிக்கு வந்தது 77,140. பில்லிங்கில அண்டைக்கு ரிஃபண்ட் ஒண்டும் இல்லை. கான்சல் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தா, முதல் கவுண்டர் பிள்ளை மாதத்தில 31 பில் கான்சல் பண்ணியிருக்கு, மற்ற ரெண்டு பேரும் 9, 7. நாலு வருசமா நிக்கிற பிள்ளை. கேக்கிறதுக்கு முதல் எனக்கு நிச்சயமாத் தெரியவேணும்.

ரவி_அநுராதபுரச்சந்தி:
அண்ணை, அது வங்கிக் கமிஷன். ஒவ்வொரு கார்ட் விற்பனைக்கும் அவங்கள் வெட்டித்தான் போடுவாங்கள். எனக்கும் முதல்ல இப்பிடித்தான் குழம்பினது.

மத்தியவீதி உடுப்புக்கடை:
கமிஷன் தெரியும் தம்பி. எங்களுக்கு 2.5 வீதம். இது அதைவிடக் கூட.

கணக்காளர் உவர்மலை:
ரவி சொன்னதில் பாதி சரி, கமிஷனை முதலில் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 86,400இன் 2.5 வீதம் 2,160. ஆகவே 84,240 வந்திருக்க வேண்டும். வந்தது 77,140. மிச்சக் குறைவு சரியாக 7,100 ரூபா. கமிஷன் விற்பனையோடு ஏறி இறங்கும், சில்லறையும் சதமுமாக வரும். ஒரு உடுப்பின் விலை போல உருண்டையான தொகை ஒரு நாளில் மட்டும் குறைந்தால், அன்று மெசினிலேயே யாரோ ரிஃபண்ட் அடித்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். அதைப் பில்லிங்கில் போடாவிட்டால் உங்கள் கணினி ரிப்போர்ட் எப்போதும் சுத்தமாகவே இருக்கும்.

அன்றைய செட்டில்மென்ட் துண்டை எடுங்கள். இல்லையென்றால் வங்கியிடம் அந்த மெசினின் விபரப் பட்டியலைக் கேளுங்கள். `REFUND` என்ற வரியில் நேரம், கார்டின் கடைசி நாலு இலக்கம், தொகை இருக்கும். பிறகு அதே நாலு இலக்கம் முந்தைய இரண்டு மாத விற்பனையில் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். உண்மையான வாடிக்கையாளர் என்றால் அதே கார்டில் முதலில் வாங்கியிருப்பார். வாங்காத கார்டுக்குக் காசு திரும்பியிருந்தால், அது ஆளின் சொந்தக் கார்டாக இருக்கக்கூடும்.

அந்தப் பிள்ளையைப் பற்றி: மூவரும் மாதத்தில் போட்ட பில் எத்தனை?

ஜெகன்99:
31 கான்சல் எண்டா வேற என்ன? எல்லாருக்கும் கான்சல் உரிமையை எடுத்துப்போட்டு பாஸ்வேர்ட்டை நீங்க மட்டும் வச்சிருங்கோ. பிரச்சினை முடிஞ்சுது.

மத்தியவீதி உடுப்புக்கடை:
பிள்ளை 1,900 பில். மற்ற ரெண்டு பேரும் 450, 400. பாஸ்வேர்ட்டைப் பற்றி: நான் பின்னேரம் கடையில இல்லை, கான்சல் உரிமையை எடுத்தா சனம் வரிசையில நிக்கும்.

கணக்காளர் உவர்மலை:
அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் கணக்கு நூறு பில்லுக்கு 1.6. மற்றவர்கள் 2, 1.75. மூவரிலும் குறைவு அவருக்குத்தான்! எண்ணிக்கையைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு நேர்மையான பிள்ளையை நோகடித்திருப்பீர்கள்.

அந்த வீதங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இன்னும் உள்ளே போக வேண்டும். காசு வாங்கும் முன் பிழையாக அடித்ததை அழிப்பது எல்லோரும் செய்வது, அதில் களவு இல்லை. காசு வாங்கி பில் முடிந்த பிறகு கான்சல் செய்ததை மட்டும் தனியாக எடுங்கள். அதிலும் காசுப் பில்களை மட்டும். வாடிக்கையாளர் போன பிறகு பில்லைக் கான்சல் செய்து காசை எடுத்தால், கணினி அந்த உடுப்பு திரும்பவும் தட்டில் இருப்பதாக நினைக்கும். ஆனால் உடுப்பு வாடிக்கையாளர் வீட்டில். எனவே அடுத்த நாள் காலை கடை திறக்கும்போது அந்தப் பில்களில் உள்ள உருப்படிகளை மட்டும் எண்ணுங்கள். முழுக் கடையையும் எண்ண வேண்டியதில்லை. கணினிக்கு ஒன்று கூட, தட்டில் ஒன்று குறைவு என்றால் அந்தக் கான்சலுக்குக் காரணம் கேட்க வேண்டும்.

நிலாவெளி சாப்பாட்டுக்கடை:
இஞ்ச வந்தாப்போல என்ர கதையையும் சொல்லுறன். மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசன், வெளிநாட்டுச் சனம். எங்களுக்குக் கான்சல் பிரச்சினையில்லை, கழிவுதான். ஒருத்தர் வழிகாட்டிகளுக்குக் குடுக்கிற 10 வீதக் கழிவை மற்ற மேசைகளுக்கும் அடிச்சிருந்தார். சனத்திட்ட முழுக்காசு வாங்கிறது, பில்லை முடிக்கேக்க கழிவைப் போடுறது, வித்தியாசம் பையில. எனக்குச் சந்தேகம் வந்தது ஏனெண்டா, கார்ட்டில கட்டின மேசைக்கு ஒரு நாளும் கழிவு இல்லை, காசில கட்டினதுக்கு மட்டும்தான்.

கணக்காளர் உவர்மலை:
இது உடுப்புக்கடைக்கும் அப்படியே பொருந்தும். கார்ட்டில் கழிவை ஒளிக்க முடியாது, மெசினில் அடித்த தொகையும் பில்லும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். அதனால் ஆள்வாரியாக, காசுப் பில்லில் கழிவு எத்தனை வீதம், கார்ட் பில்லில் எத்தனை வீதம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் காசில் வாங்குவோர் பேரம் பேசுவது வழக்கம். கொஞ்ச வித்தியாசத்தை வைத்து ஒருவரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

மத்தியவீதி உடுப்புக்கடை:
துண்டு எடுத்தன். 7,100 ரிஃபண்ட் இரவு 8.52க்கு. கடை பூட்டுறது 8.30. அதே கடைசி நாலு இலக்கம் வேற ரெண்டு நாளும் இருக்கு, 3,450, 5,900. ரெண்டு மாதத்தில அந்த இலக்கத்தில விற்பனையே இல்லை. மெசின் ரெண்டாம் கவுண்டரது.

முடிஞ்ச பில் கான்சலும் பார்த்தன். பிள்ளைக்கு 31இல் ரெண்டுதான், ரெண்டு உடுப்பும் தட்டில இருக்கு. ரெண்டாம் கவுண்டர்த் தம்பிக்கு 9இல் ஆறு. அதில நாலு உடுப்பைக் காணேல்லை. ஆனா மெசின் பாஸ்வேர்ட் மூண்டு பேருக்கும் தெரியும், கடை பூட்டேக்க மூண்டு பேரும் நிப்பினம்.

ஜெகன்99:
சம்பளக் கணக்கு எந்த வங்கியில எண்டு தெரியும்தானே. அந்த நாலு இலக்கத்தை வச்சு வங்கியிட்டயே கேட்டா பேர் சொல்லுவாங்கள்.

மென்பொருள்_மட்டக்களப்பு:
சொல்ல மாட்டார்கள். கார்ட்காரரின் பெயரை வங்கி கடைக்காரருக்குத் தராது, பொலிஸ் முறைப்பாடு, நீதிமன்றக் கட்டளை வழியாகத்தான் அது போகும். கார்ட் இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் வேறு வேறு, சம்பளப் பட்டியலோடு பொருத்தவும் முடியாது. அண்ணா, கேமரா இருக்கிறதா? பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இன்றே பிரதி எடுங்கள். பில்லிங் கணினியின் நேரமும் மெசினின் நேரமும் கேமராவின் நேரமும் ஒன்றா என்றும் முதலில் பாருங்கள். பத்து நிமிசம் பிசகினால் வேறு ஆளைப் பார்ப்பீர்கள்.

மத்தியவீதி உடுப்புக்கடை:
கேமரா இருக்கு, ரெண்டு கிழமைதான் நிக்கும். 5,900 போன கிழமை நடந்தது, அது கிடைக்கும். மற்ற ரெண்டும் போயிட்டுது. மெசினில ரிஃபண்ட்டை இப்பவே நிப்பாட்டவோ?

மென்பொருள்_மட்டக்களப்பு:
இப்போது நிறுத்தினால் ஆள் உஷாராகிவிடுவார். ஒரு கிழமை பொறுங்கள், இன்னொரு தடவை செய்தால் கேமராவில் தெளிவாக விழும்.

கணக்காளர் உவர்மலை:
நான் இதற்கு உடன்படவில்லை. தெரிந்துகொண்டே காசு போக விடுவது சரியில்லை. ரிஃபண்ட் பாஸ்வேர்ட்டை இன்றே மாற்றுங்கள், கேமராப் பிரதியைக் கையில் எடுத்த பிறகு. பதிவில் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காதீர்கள், கார்டை மெசினில் போடுபவரைப் பாருங்கள். காணாமல் போன நாலு உடுப்பையும் ரிஃபண்டையும் ஒரே ஆளின் தலையில் இப்போதே கட்ட வேண்டாம். இரண்டும் வேறு வேறு கையாக இருக்கலாம்.

மத்தியவீதி உடுப்புக்கடை:
மெசின் நேரம் கேமராவைவிட ஆறு நிமிசம் முந்தி நிக்குது. இப்ப 5,900 நடந்த இரவின்ர பதிவை எடுத்துக்கொண்டிருக்கிறன். பார்த்திட்டு வாறன்.