புதுப்பிப்பு: தாத்தா கம்பெனியின் மூன்றெழுத்துப் பெயர்

நான் கேட்டது: "தாத்தாவும் அவர் கூட்டாளியும் தொடங்கின கயிறு கம்பெனி பேர்ல மூணாவது எழுத்து யாரோடது?"

விடை கிடைச்சிட்டு, எல்லாருக்கும் நன்றி. டிரேட்மார்க் தேடலில் உரிமையாளர் பேரும் எப்போதிருந்து பயன்பாடு என்பதும்தான் வந்தது. பேருக்குக் காரணம் அதில் எழுதுவதில்லை. கூட்டு நிறுவனப் பதிவேட்டைப் பாருங்கன்னு சொன்ன அண்ணாச்சியின் வழிதான் பலித்தது. நாகர்கோவில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம், 1932 கூட்டாண்மைச் சட்டம் 66-ஆம் பிரிவு. ஆனால் பதிவு கட்டாயமில்லை. பதியாத நிறுவனம் அதில் இருக்காது.

பதிவேட்டில் எங்க கம்பெனிக்கான பக்கத்தில் பங்குதாரர் மூன்று பேர். மூணாவது பேர், நாங்க நினைக்காதபடி, ஒரு பெண்ணுடையது: கூட்டாளியின் அக்கா. கீழேயே அவங்க விலகின குறிப்பும் மங்கிய நீல மையில் இருக்கு. ஏன் விலகினாங்கன்னு பதிவேடு சொல்லவில்லை, வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.

தன் கடைக்குப் பேர் பதிய வழி கேட்ட தம்பிக்கு: இது பழைய பதிவு பார்க்கிற வழி மட்டும்.