[கலைச்சொல்] எண்ணெயில் இல்லாத நீருக்கு என்ன பெயர்?

தேன்மொழி:

அன்புள்ள குழுவினருக்கு,

மசகு எண்ணெயில் உள்ள நீரை கார்ல் ஃபிஷர் முறையில் அளப்பதற்கான செய்முறைக் கையேடு ஒன்றை ஆய்வகப் பணியாளர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘கூலோமெட்ரிக் டைட்ரேஷன்’ என்பதற்கு ‘கூலோமளவித் தரம்பார்த்தல்’ என்று போன மாதமே பேசி முடித்துவிட்டோம், அதை மறுபடி திறக்க வேண்டாம். இப்போது என்னைத் தடுத்து நிறுத்தியிருப்பது ‘இன்டர்ஃபெரன்ஸ்’.

முதலில் ‘குறுக்கீடு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த ஆய்வகப் பெண் ஒருவர், “எது எதற்குக் குறுக்கே வருகிறது? கருவியில் கோளாறா, எண்ணெயில் கோளாறா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. கலத்துக்குள் மின்சாரம் அயோடினை உண்டாக்குகிறது, நீர் அதைச் செலவழிக்கிறது. ஒரு மில்லிகிராம் நீருக்கு 10.71 கூலோம். ஆக, கருவி எண்ணுவது நீரை அல்ல, மின்னூட்டத்தை. அயோடினை வேறு எது தின்றாலும் திரையில் அது நீராகவே வரும். இந்தப் பத்தியை ஒரே சொல்லில் அடக்க வழி உண்டா?

நிலோபர்:

தேன்மொழி, ‘இடையூறு’ போதும். பள்ளிப் பாடத்தில் ‘குறுக்கீட்டு விளைவு’ என்றால் ஒளி அலைகள்தான் மாணவர் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் அதுவே ‘தலையீடு’. இரண்டையும் தொடாமல் விடுவது நல்லது. இடையூறு எல்லோருக்கும் தெரிந்த சொல், விளக்கம் தேவையில்லை. வகுப்பில் இருபது வருடமாகப் பார்க்கிறேன், புதுச்சொல்லைக் கண்டதும் மாணவர்கள் பொருளை விட்டுவிட்டுச் சொல்லை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

கதிரவன்:

இடையூறு என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது எதையும் பிரித்துக் காட்டாது. இந்தக் கையேட்டில் பிரித்துக் காட்டுவதுதான் முக்கியம். என் மேசையில் நடந்ததையே சொல்கிறேன்.

சீல் உடைக்காத பீப்பாயிலிருந்து எடுத்த புது எஞ்சின் எண்ணெய். கலத்தில் நேரடியாக ஊசியால் செலுத்தினால் 1,040 பிபிஎம் நீர். புது எண்ணெயில் இவ்வளவா என்று சந்தேகம் வந்தது. அதே எண்ணெயை ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கி, உலர்ந்த நைட்ரஜனால் ஆவியை மட்டும் கலத்துக்குக் கொண்டுபோனபோது 430. இடையில் 610 பிபிஎம் எங்கிருந்து வந்தது?

முதல் ஆள் ஜெட்டிடிபி, தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக–பாஸ்பரஸ்–கந்தகச் சேர்மம். அது அயோடினால் நேரே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒரு மூலக்கூறு ஜெட்டிடிபி ஒரு மூலக்கூறு அயோடினைத் தின்னும், ஒரு நீர் மூலக்கூறு தின்னும் அதே அளவு. அந்த எண்ணெயில் பாஸ்பரஸ் 0.1 சதவீதம். ஜெட்டிடிபி ஒவ்வொன்றிலும் இரண்டு பாஸ்பரஸ் அணுக்கள், எனவே ஒரு கிலோ எண்ணெயில் ஏறத்தாழ 16 மில்லிமோல். அத்தனையும் வினைப்பட்டால் 290 பிபிஎம் நீராகக் காட்டும். இங்கே ஒரு சொட்டு நீரும் கிடையாது.

இரண்டாவது ஆள் அமிலத்தை முறிக்கச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட். கலத்தில் வினை நடக்கும்போது ஹைட்ரஜன் அயோடைடு உண்டாகிறதல்லவா, அதோடு சேர்ந்து இது செய்வது:

CaCO3 + 2HI → CaI2 + H2O + CO2

இதில் பிறப்பது உண்மையான நீர். கருவி அதைச் சரியாகத்தான் எண்ணுகிறது. ஆனால் எண்ணெய் பீப்பாயில் இருந்தபோது அந்த நீர் இல்லை. ஒன்று நீர்போல நடிப்பது, மற்றொன்று அங்கேயே பிறந்த நீர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பணியாளர் எதைச் சரிசெய்வார்?

அருளானந்தம்:

தம்பி கதிரவன் சொன்ன பிரிவு அருமை. முதல் வகைக்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே காத்திருக்கிறது: புரைநீர்.

புரை என்பதற்குக் குற்றம் என்று ஒரு பொருள். ‘புரைதீர்ந்த நன்மை’ என்று குறளில் வருவது அதுதான். தொல்காப்பியம் உவம உருபுகளைச் சொல்லும்போது ‘புரைய’ என்பதையும் சேர்க்கிறது, அங்கே பொருள் ஒத்திருத்தல். ஆக, நீரை ஒத்திருப்பதும் அளவில் குற்றமாக நிற்பதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. இப்படி இரண்டு பொருளும் தானாக வந்து பொருந்துவது அரிது.

‘கானல்நீர்’ என்று யாராவது எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கப் பாடல்களில் கானல் என்றால் கடற்கரைச் சோலை. வெயிலில் தோன்றும் பொய்நீருக்கு அங்கே பேய்த்தேர் என்று பெயர், வெண்தேர் என்றும் சொல்வார்கள். நீராக மயங்குவதற்கு ஏன் தேர் என்று பெயர் வைத்தார்கள் என்பதே தனியாக ஆராய வேண்டியது. அசைந்து அசைந்து ஓடுவதாலா, நெருங்க நெருங்க விலகிப்போவதாலா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிலோபர்:

ஐயா, பொருத்தம் அழகாக இருக்கிறது. ஆனால் ‘புரை’ என்றதும் ஆய்வகத்தில் இருப்பவருக்குக் கண்புரை நினைவுக்கு வரும், அல்லது தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது. ‘போலிநீர்’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அருளானந்தம்:

அம்மா, போலி என்பதில் ஏமாற்றும் நோக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போலி மருந்து, போலிச் சான்றிதழ். ஜெட்டிடிபி யாரையும் ஏமாற்ற அங்கே வரவில்லை, எஞ்சினைக் காக்க வந்தது. தவிர, இலக்கணத்தில் போலி என்பது வேறு. ஐந்து என்பது அஞ்சு என வருவதுபோல எழுத்து மாறினாலும் பொருள் மாறாதது. இங்கே பொருளே மாறுகிறது.

முத்துவேல்:

நான் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் பார்க்கிறேன், ஐஇசி 60814 முறைப்படி. எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஒரே எண்ணெய் மாதிரியில் ஒரு கிராம் செலுத்தினால் 22 பிபிஎம், ஐந்து கிராம் செலுத்தினால் 14. ஜெட்டிடிபி எதுவும் அதில் கிடையாது. கடைசியில் பார்த்தால் ஊசிக்குழல். ஓவனில் உலர்த்தாமல் ஈரத்தோடு எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 10 மைக்ரோகிராம் நீர் வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது. அதையும் போலிநீர் என்பீர்களா?

சேகர்:

எங்கள் ஆய்வகத்தில் இதற்கெல்லாம் பெயர் தேடுவதில்லை. எண்ணெயைச் செலுத்திய பிறகு, அளவு தெரிந்த நீர்த் திட்டக்கரைசலை அதன் மேல் செலுத்துவோம். 97லிருந்து 103 சதவீதம் திரும்பக் கிடைத்தால் எண்ணெயில் இடையூறு இல்லை என்று எழுதிவிடுவோம். கையேட்டில் அந்தச் சோதனையைச் சேர்த்தால் சொல் பிரச்சினையே தீர்ந்துவிடும்.

கதிரவன்:

சேகர், அந்தச் சோதனையை நானும் செய்கிறேன், செய்யத்தான் வேண்டும். வினைப்பொருள் தீர்ந்துபோயிருந்தாலும், எண்ணெய் கரையாமல் மின்முனையில் படிந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் நான் சொன்ன வகையை அது காட்டாது. ஜெட்டிடிபி தன் பங்கு அயோடினைத் தின்று முடித்துவிட்டது. அதன்பின் நீங்கள் செலுத்தும் நீர் தன் பங்கை முழுதாகத் தின்னும், நூறு சதவீதமும் திரும்பக் கிடைக்கும். அந்த 1,040 பிபிஎம் எண்ணெயில் எனக்கு 99 கிடைத்தது.

முத்துவேல் அண்ணன் சொன்னது வேறு வகை, நல்ல வேளையாக அதைக் கண்டுபிடிப்பது எளிது. வெளியிலிருந்து வரும் ஈரம் மாதிரியின் எடையோடு கூடுவதில்லை. 10 மைக்ரோகிராம் ஒரு கிராமில் 10 பிபிஎம், ஐந்து கிராமில் 2 பிபிஎம். அதனால்தான் 22, 14 ஆனது. உண்மையில் அந்த எண்ணெயில் 12தான் இருந்திருக்கும். என் எண்ணெயில் அரை கிராம் எடுத்தாலும் இரண்டு கிராம் எடுத்தாலும் அதே 1,040. ஜெட்டிடிபி எண்ணெயோடு சேர்ந்தே வருகிறது, எடை கூடினால் அதுவும் கூடுகிறது.

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ட்ரிஃப்ட்தான், அதாவது எதையும் செலுத்தாதபோதும் கலம் நிமிடத்துக்கு இவ்வளவு நீர் என்று காட்டிக்கொண்டிருக்கும் பின்னணி அளவு. எண்ணெயைச் செலுத்துவதற்கு முன் நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம். முடிவுப்புள்ளி வந்த பிறகும் அது 6க்குத் திரும்பவில்லை, 35லேயே நின்று மெல்ல இறங்கியது. நீரின் வினை விரைவாக முடிந்துவிடும். இப்படி இழுத்துக்கொண்டே போனால் வேறு ஏதோ மெதுவாக வினைப்படுகிறது என்று பொருள். கார்பனேட்டின் குணம் அது.

தேன்மொழி:

நன்றி கதிரவன். கையேட்டில் அந்தப் பகுதியை இப்படியே எழுதப்போகிறேன். அப்படியானால் ஓவனில் வந்த 430ஐ உண்மையான நீர் என்று போடலாமா?

கதிரவன்:

அவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன். ஓவனை 160 டிகிரிக்கு ஏற்றிப் பார்த்தேன், 700 காட்டியது, ட்ரிஃப்ட் இறங்கவே இல்லை. சூட்டில் ஜெட்டிடிபி உடைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெர்காப்டன்களும் வாயுவாகக் கலத்துக்கு வருகின்றன, அவையும் அயோடினைத் தின்பவை. அதாவது நாம் வெளியே நிறுத்திய அதே ஆள் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறான். 120இல் ட்ரிஃப்ட் பழைய அளவுக்கு இறங்கியது, அதனால் அந்த எண்ணை நம்புகிறேன். 610இல் ஜெட்டிடிபிக்கு அதிகபட்சம் 290 போக மீதி 320 கார்பனேட்டால் வந்தது என்பது என் கணிப்பு மட்டுமே. தனியாகச் சோதிக்கவில்லை.

இன்னொன்று, எல்லாப் பிழையும் மேல்நோக்கியே போகும் என்று எழுதிவிட வேண்டாம். பழைய எண்ணெயில் ஆல்டிஹைடு இருந்தால், அது வினைப்பொருளில் உள்ள சல்ஃபர் டை ஆக்சைடோடு சேரும்போது நீரையும் செலவழித்துவிடும். அளவு குறைந்து வரும். அதே ஆல்டிஹைடு மெத்தனாலோடு வினைப்பட்டால் நீரைப் பிறப்பிக்கும். எது மிஞ்சும் என்பது வினைப்பொருளைப் பொறுத்தது.

நிலோபர்:

குறைந்து வருவதற்கு ‘மறைநீர்’ என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஒரு பொருளை விளைவிக்கச் செலவான நீரைச் சூழலியலில் அப்படி அழைக்கிறோம். விட்டுவிடலாம். பிறக்கும் நீருக்கு ‘விளைநீர்’ சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். வினையில் விளைவது.

தேன்மொழி:

வியாழன் இரவு ஆகிவிட்டது, இனி தள்ளிப்போட முடியாது. கையேட்டில் இப்படிப் போகிறது: பொதுச்சொல் இடையூறு, அயோடினை நீர்போலத் தின்பது போலிநீர், கலத்துக்குள் பிறப்பது விளைநீர், ஊசிக்குழல் வழியாக வருவது புறஈரம். அளவு குறைவதற்குத் தனிச்சொல் இல்லை, வாக்கியமாகவே எழுதுகிறேன். இங்கே எழுதியவர்களில் மூன்று பேர் போலிநீருக்கு, ஒருவர் புரைநீருக்கு. சேகர் எதற்கும் இல்லை.

அருளானந்தம்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடுத்த பதிப்பின்போது புரைநீரை மறுபடி எழுப்புவேன். ‘விளைநீர்’ பற்றியும் ஒரு ஐயம்: ஜெட்டிடிபி வினையிலும் ஏதோ விளையத்தானே செய்கிறது? விளைவதெல்லாம் நீராகாதே என்று படிப்பவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முத்துவேல்:

புறஈரம் நன்றாக இருக்கிறது. நாளைக்கே ஊசிக்குழல் வைக்கும் ஓவன் கதவில் எழுதி ஒட்டிவிடுகிறேன். பேய்த்தேர் பற்றி யாரும் ஐயாவுக்குப் பதில் எழுதவில்லையே?